ஒரே குழாய்க்கு மூன்று அர்த்தம்: டெண்டர் நாள் முடியும் முன் விளக்கம் கேட்பது எப்படி?

ஒரு நகராட்சி, குடிநீர் விரிவாக்கப் பணிக்காக 12,000 மீட்டர் ஹெச்.டி.பி.இ. குழாய் வாங்க டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழில்நுட்ப விவரக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "110 மி.மீ. ஹெச்.டி.பி.இ. குழாய், ஐ.எஸ். 4984 தரம், பி.இ. 100, பி.என். 10." நான்கு பக்கம் தள்ளி, இணைப்பில் உள்ள அட்டவணையில் அதே குழாய்க்கு "சுவர்த் தடிமன் 8.1 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது" என்று போட்டிருக்கிறது. விலை நிரப்ப வேண்டிய பி.ஓ.க்யூ. தாளில் "110 மி.மீ. ஹெச்.டி.பி.இ. குழாய், 10 கிலோ அழுத்தம்" என்பதோடு சரி.

வேகமாகப் படித்துக்கொண்டு போனால் மூன்றும் ஒரே குழாயைச் சொல்வது போலத்தான் தெரியும். ஆனால் அப்படியில்லை. பி.இ. 100 என்பது மூலப்பொருளின் வலிமை. பி.என். 10 என்பது குழாய் தாங்க வேண்டிய அழுத்தம். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் சுவர்த் தடிமன் தானாகவே வந்துவிடும். பி.இ. 100 பொருளில் பி.என். 10 குழாய் செய்தால் வெளிவிட்டத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் உள்ள விகிதம் 17. அதாவது 110 மி.மீ. குழாய்க்குச் சுவர் சுமார் 6.5 மி.மீ. இதைவிட வலிமை குறைந்த பி.இ. 80 பொருளில் அதே பி.என். 10 குழாய் செய்தால் விகிதம் 13.6, சுவர் சுமார் 8.1 மி.மீ.

எனவே அட்டவணையில் உள்ள 8.1 என்ற எண் பெரும்பாலும் பழைய டெண்டர் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். முன்பு பி.இ. 80 குழாய்க்கு எழுதிய அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள். முன்பக்கத்தில் மட்டும் பி.இ. 100 என்று மாற்றியிருப்பார்கள். டெண்டர் ஆவணங்களில் வரும் முரண்பாடுகளில் பெரும்பகுதி இப்படிப் பிறப்பவைதான். யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை.

இப்போது விலை போட உட்காருபவருக்கு முன்னால் மூன்று குழாய்கள் நிற்கின்றன. ஒன்று, பி.இ. 100, பி.என். 10, சுவர் 6.5 மி.மீ. இரண்டாவது, பி.இ. 80, பி.என். 10, சுவர் 8.1 மி.மீ. மூன்றாவது, பி.இ. 100 பொருளிலேயே 8.1 மி.மீ. சுவர் வைப்பது. அப்படிச் செய்தால் அந்தக் குழாய் பி.என். 12.5 வகுப்புக்குப் போய்விடும். குழாயின் மேல் அச்சடிக்க வேண்டியதும் அதுதான்.

எடையைப் பாருங்கள். முதல் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. மற்ற இரண்டும் ஏறத்தாழ 2.45 கிலோ. 12,000 மீட்டருக்கு வித்தியாசம் 5 டன்னுக்கு மேல். கிலோ 120 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், முதல் குழாய்க்குச் சுமார் 29 லட்சம் ஆகிறது, மற்றவற்றுக்குச் சுமார் 35 லட்சம். குழாய் டெண்டர்களில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் ஒன்றிரண்டு சதவீதம்தான் இடைவெளி இருக்கும். இங்கே ஒரு வரியை எப்படிப் படிக்கிறோம் என்பதிலேயே இருபது சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது.

"எதற்கு வம்பு, கனமான குழாய்க்கே விலை போட்டுவிடலாம், கூடுதல் தடிமனை யார் வேண்டாம் என்பார்கள்?" என்று சிலர் நினைப்பார்கள். முதலில், அந்த விலையில் டெண்டர் கிடைக்காது. கிடைத்தாலும் ஆய்வில் சிக்கும். ஐ.எஸ். 4984 தரம் ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு அதிகபட்சத் தடிமனையும் சொல்கிறது. பி.இ. 100, பி.என். 10 என்று ஆர்டர் இருக்கும்போது 8.1 மி.மீ. சுவர் வந்தால் அது அதிகபட்ச அளவைத் தாண்டிவிடும். மூன்றாம் தரப்பு ஆய்வுக்கு வருபவர் கையில் தர அட்டவணை இருக்கும். அதன்படி அவர் குழாயை நிராகரித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மெல்லிய குழாய்க்கு விலை போட்டவர் நிலையும் சுலபமில்லை. ஆர்டர் கிடைத்த பிறகு பொறியாளர் அட்டவணையைக் காட்டி "8.1 தான் வேண்டும்" என்றால், ஒவ்வொரு மீட்டரிலும் நஷ்டம். மறுத்தால் வைப்புத்தொகை போகும், கருப்புப் பட்டியலில் சேர்க்கிறோம் என்று நோட்டீஸ் வரலாம்.

குழப்பத்தின் சுமை யார் தலையில் விழும்?

ஒப்பந்தச் சட்டம் கொஞ்சம் படித்தவர்கள் ஒரு நம்பிக்கை வைத்திருப்பார்கள்: வாசகம் இரண்டு விதமாகப் பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய கொள்கை. தெளிவில்லாமல் எழுதியது நகராட்சி, ஆகவே நமக்குச் சாதகமாகத்தானே முடியும் என்ற எண்ணம். டெண்டர் விஷயத்தில் இதை நம்பி இறங்குவது ஆபத்து.

2016-இல் உச்ச நீதிமன்றம் ஆஃப்கான்ஸ் நிறுவனத்துக்கும் நாக்பூர் மெட்ரோ ரயில் கழகத்துக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பு சொன்னது. தகுதி நிபந்தனையில் மெட்ரோ கட்டுமானப் பணி அனுபவம் கேட்டிருந்தார்கள். டெண்டரில் கலந்துகொண்ட ஒரு கூட்டு நிறுவனம், சீனாவில் நகரங்களுக்கு இடையே ஓடும் ரயில் பாதை கட்டிய அனுபவத்தைக் காட்டியது. அது மெட்ரோ ஆகாது என்று கழகம் நிராகரித்தது. உயர் நீதிமன்றம் அந்தக் கூட்டு நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்குத்தான் அதன் தேவையும் பொருளும் நன்றாகத் தெரியும். கெட்ட எண்ணமோ, எந்த வகையிலும் ஏற்க முடியாத விபரீதப் பொருளோ இருந்தால் தவிர நீதிமன்றம் தலையிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதன் பிறகு வந்த டெண்டர் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார்கள்.

இதன் நடைமுறை அர்த்தம் எளிது. எழுதியவர் சொல்லும் பொருள் நியாயமாக நிற்கக்கூடியதாக இருந்தாலே போதும், அது நிற்கும். உங்கள் பொருள் அதைவிட நல்லதாக இருப்பது உதவாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்ய 10 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்த வழி டெண்டர் ஏற்பு உத்தரவு வந்த பிறகுதான் திறக்கிறது. விலையைக் கொடுத்து முடித்த நிலையில் அட்டவணையில் முரண்பாடு இருந்தது என்று வாதாடினால், "முன்பே ஏன் கேட்கவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

டெண்டருக்குள்ளேயே "நாங்கள் 6.5 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு விலை போட்டிருக்கிறோம்" என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கலாமே என்றால், அதுவும் முடியாது. அது நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தப்புள்ளி. பெரும்பாலான டெண்டர்களில் நிபந்தனை போட்டாலே தள்ளிவிடுவார்கள். "எல்லா விதிகளையும் படித்தோம், மாற்றமின்றி ஏற்கிறோம்" என்ற உறுதிமொழியிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆக, ஆவணம் வெளியான நாளுக்கும் டெண்டர் சமர்ப்பிக்கும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒன்றுதான் கேட்பதற்கான நேரம்.

எப்போது கேட்பது

அதே சட்டத்தின் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு தமிழ்நாடு விதிகள் இதற்கு ஓர் உரிமையைத் தருகின்றன. டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு வரை ஒருவர் விளக்கம் கேட்டால், டெண்டர் கோரும் அதிகாரி பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதிலின் நகல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போக வேண்டும். கேட்டது யார் என்று அதில் தெரியக் கூடாது.

48 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர்களுக்கு விதிப்படி கிடைப்பது குறைந்தபட்சம் 15 நாள், அதற்கு மேல் 30 நாள். நம் குழாய் டெண்டர் முப்பது லட்சத்துச் சொச்சம், ஆகவே 15 நாள்தான். அலுவலகத்துக்குள் கேள்வி போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். டெண்டர் ஆணையர் பெயரில் இருக்கும். கேள்வி முதலில் டெண்டர் பார்க்கும் எழுத்தர் கைக்கு வரும். அவர் பொறியியல் பிரிவுக்கு அனுப்புவார். மதிப்பீடு தயாரித்த உதவிப் பொறியாளர் பார்த்துப் பதில் எழுத வேண்டும், நகராட்சிப் பொறியாளர் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு கோப்பு ஆணையரிடம் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு சனி, ஞாயிறு வந்தால் நான்கைந்து நாள் சாதாரணமாகப் போய்விடும். எனவே முதல் மூன்று நான்கு நாளுக்குள் கேள்வி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஆவணத்தை இறக்கிய அன்றே விவரக் குறிப்பு, இணைப்பு, பி.ஓ.க்யூ. மூன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒரே பொருளைப் பற்றி மூன்றும் என்ன சொல்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முரண்பாடுகள் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை. பக்கங்களுக்கு இடையில்தான் ஒளிந்திருக்கும்.

tntenders.gov.in தளத்தில் டெண்டரைத் திறந்தால் முக்கிய நாள்கள் பட்டியலில் Clarification Start Date, Clarification End Date என்று இரண்டு வரிகள் இருக்கும். தேதி போட்டிருந்தால் அதற்குள் தளத்தின் வழியாகவே கேள்வியை ஏற்றலாம். பல டெண்டர்களில் அந்த இடத்தில் NA என்று இருக்கும். விளக்கம் கேட்கும் உரிமையே இல்லை என்று சிலர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தளத்தில் அந்த வசதியைத் திறந்து வைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஆவணத்தில் உள்ள மின்னஞ்சலுக்கும், பதிவுத் தபால் அல்லது நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கியும் அனுப்பலாம். முன்கூட்டம் எனப்படும் ப்ரீ-பிட் மீட்டிங் வைத்திருந்தால், அதற்கு இரண்டு நாள் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் "பார்க்கலாம் சார்" என்ற பதில்தான் வரும். எழுத்தில் இருந்தால் கூட்டக் குறிப்பில் ஏறும்.

பொறியாளருக்குப் போன் போட்டுக் கேட்பதில் தப்பில்லை. உங்கள் கேள்வி யார் மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் போனில் அவர் "6.5 போதும்ங்க" என்று சொன்னதை நம்பி விலை போடக் கூடாது. பணி மாறுதலில் அவர் போய்விட்டால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும்.

எப்படி எழுதுவது

மோசமான கேள்வி இப்படி இருக்கும்: "குழாயின் விவரக் குறிப்பைத் தெளிவுபடுத்தவும்." இதற்கு வரும் பதில் ஒரே வரி: "டெண்டர் விதிகளின்படி." முழுத் தப்பையும் அதிகாரி மேல் போட முடியாது. எந்த வரியில் என்ன குழப்பம் என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். அவர் மேஜையில் இன்னும் பத்துக் கோப்பு இருக்கிறது.

நல்ல கேள்வி, படித்தவுடன் ஒரு டிக் போட்டுப் பதில் சொல்லும்படி இருக்கும். நம் குழாய்க்கு இப்படி எழுதலாம்:

> பக்கம் 23, பிரிவு 4.2-இல் 110 மி.மீ. குழாய் "பி.இ. 100, பி.என். 10" என்று உள்ளது. ஐ.எஸ். 4984 அட்டவணைப்படி இதற்குரிய சுவர்த் தடிமன், பக்கம் 27, இணைப்பு 3-இல் குறிப்பிட்டுள்ள 8.1 மி.மீட்டரிலிருந்து வேறுபடுகிறது. 8.1 மி.மீ. என்பது பி.இ. 80, பி.என். 10 அல்லது பி.இ. 100, பி.என். 12.5 குழாய்க்கு உரியது. பி.ஓ.க்யூ. வரிசை 1-இல் மூலப்பொருள் வகை குறிப்பிடப்படவில்லை.
>
> வழங்க வேண்டியது கீழ்க்கண்டவற்றில் எது என்று தெரிவிக்க வேண்டுகிறோம்:
> (அ) பி.இ. 100, பி.என். 10, ஐ.எஸ். 4984 அட்டவணைப்படியான தடிமன்
> (ஆ) பி.இ. 80, பி.என். 10, ஐ.எஸ். 4984 அட்டவணைப்படியான தடிமன்
> (இ) பி.இ. 100, பி.என். 12.5, ஐ.எஸ். 4984 அட்டவணைப்படியான தடிமன்
>
> (அ) எனில், இணைப்பு 3-இல் "8.1 மி.மீ." என்பதை "ஐ.எஸ். 4984-இன்படி" என்று திருத்தி அறிவிப்பு வெளியிட வேண்டுகிறோம்.

இந்தக் கடிதத்தில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பக்கமும் பிரிவும் எண்ணோடு இருக்கின்றன. முரண்பாட்டை நிரூபிக்க நம் வாய்ச்சொல்லைக் காட்டாமல், ஆவணமே மேற்கோள் காட்டும் தரத்தைக் காட்டியிருக்கிறோம். அதிகாரி சுயமாக எதையும் எழுத வேண்டியதில்லை, ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். திருத்த வாசகமும் தயாராக இருக்கிறது. கோப்பில் குறிப்பு எழுதும் உதவிப் பொறியாளர் பல நேரம் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

கடிதத்தில் இல்லாதவற்றையும் பாருங்கள். நம் விலை இல்லை, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இல்லை, "எங்களுக்கு 6.5 வசதி" என்ற சாயல் இல்லை. பதில் எல்லோருக்கும் போகும், அதோடு கேள்வியும் போகும். பெயரை மறைத்தாலும், ஊரில் நான்கு பேர் மட்டும் போட்டியிடும் டெண்டரில் எழுதும் பாணியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போட்டியாளர் படித்தாலும் அவருக்கு எந்தத் துப்பும் கிடைக்காத கேள்வியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, புரியாத வாசகத்தையும் பிடிக்காத நிபந்தனையையும் ஒரே கடிதத்தில் கலக்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் வரம்பு அதிகம், டெலிவரிக்கு 30 நாள் போதாது என்பதெல்லாம் குறைகள். அவற்றைச் சொல்லலாம், ஆனால் தனிக் கடிதத்தில். கலந்து எழுதினால் முழுக் கடிதமும் புகார் போலத் தோன்றும். தடிமன் கேள்விக்கும் சேர்த்து "டெண்டர் நிபந்தனைகளில் மாற்றமில்லை" என்று முடித்துவிடுவார்கள்.

அதே போல, ஆவணத்திலேயே பதில் இருக்கும் கேள்விகளையும் சேர்க்கக் கூடாது. பல டெண்டர்களில் ஆவணங்களுக்குள் முரண்பாடு வந்தால் எதற்கு முன்னுரிமை என்று ஒரு பிரிவு இருக்கும். விவரக் குறிப்பு முதலில், இணைப்பு பிறகு என்பது போல. அது இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். அதை வைத்தே குழப்பம் தீர்கிறதென்றால், "முன்னுரிமைப் பிரிவின்படி 4.2-ஐ எடுத்துக்கொள்கிறோம், சரிதானா?" என்று உறுதி செய்து கேட்பதே போதும்.

வாசகம் நமக்குச் சாதகமாக வளைவது போல இருந்தால் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமே என்ற யோசனை வருவது இயல்பு. குழாய் விஷயத்தில் அதற்கு இடமே இல்லை என்பேன். மெல்லிய குழாய்க்கு விலை போட்டு முதலிடம் வந்தவருக்கு எதிராக, இரண்டாமிடத்தவர் இணைப்பு 3-ஐத் தூக்கிக்கொண்டு போய் மனு கொடுப்பார். கேட்டுத் தெளிவான பதில் வந்திருந்தால் அந்த மனுவுக்கு வேலையே இல்லை.

பதில் வந்த பிறகு

வரும் பதில் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்கு மட்டும் "(அ)" என்று வந்தால் அது முழுமையான பதில் இல்லை. மற்றவர்களுக்குத் தெரியாத தகவலை வைத்து நீங்கள் விலை போட்டது போல ஆகிவிடும். நாளை யாராவது அதையே குற்றமாகச் சொல்லலாம். தளத்தில் திருத்த அறிவிப்பாக, அதாவது கொரிஜண்டமாக, வெளியிடும்படி உடனே பதில் எழுதிக் கேளுங்கள். ஒரு வரி போதும்.

திருத்த அறிவிப்பு வந்தால் புதிய பி.ஓ.க்யூ. தாளும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முன்பே இறக்கி வைத்த பழைய தாளில் விலை நிரப்பி ஏற்றுவது அடிக்கடி நடக்கும் விபத்து. தளம் ஏற்காமல் போகலாம், அல்லது ஏற்றாலும் மதிப்பீட்டில் டெண்டரை நிராகரித்துவிடுவார்கள். ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டீர்கள் என்றால் தேதி முடிவதற்குள் திருத்திய தாளோடு மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். அதனால் கடைசி நாள் காலையில் ஒரு முறை தளத்தைத் திறந்து பார்க்காமல் இருக்கக் கூடாது. திருத்தம் விலையையே மாற்றுவதாக இருந்து, கையில் இரண்டு நாள்தான் மிச்சம் என்றால், தேதி நீட்டிப்பு கேட்டும் எழுதலாம்.

பதிலே வரவில்லை என்றால்? நினைவூட்டல் கடிதம் ஒன்று அனுப்ப வேண்டும், முதல் கடிதத்தின் தேதியையும் ஒப்புகையையும் குறிப்பிட்டு. அதற்கும் அசைவு இல்லை என்றால் இரண்டு வழிதான் மிச்சம். முன்னுரிமைப் பிரிவோ தரமோ ஒரு பொருளை உறுதியாகத் தாங்கினால் அதற்கு விலை போடலாம். நம் உதாரணத்தில் அது பி.இ. 100, பி.என். 10; ஏனென்றால் விவரக் குறிப்பு வெளிப்படையாகச் சொல்வதும் ஐ.எஸ். தரத்தோடு ஒத்துப்போவதும் அதுதான். அப்படித் தாங்க எதுவும் இல்லை, தப்பினால் வரும் நஷ்டத்தை உங்கள் நிறுவனம் தாங்காது என்றால், அந்த டெண்டரை விட்டுவிடுவது நல்லது. கேட்ட கடிதமும் ஒப்புகையும் மட்டும் கோப்பில் இருக்கட்டும். வழக்கை அது வென்று தராது. ஆனால் ஆர்டர் வந்த பிறகு தடிமன் பிரச்சினை எழுந்தால், இந்தக் குழப்பத்தை எப்போது சுட்டிக்காட்டினோம் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

டெண்டர் கிடைத்தால் வேலை உத்தரவையும் ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் ஒரு முறை வரிவரியாகப் பாருங்கள். திருத்த அறிவிப்பை மறந்துவிட்டு, அலுவலகம் பழைய இணைப்பு 3-ஐயே மறுபடி ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கலாம். திருத்த அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லி, அதன் நகலை ஒப்பந்தத்தின் பகுதியாக இணைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். குழாய் தயாரிப்பவருக்குக் கொடுக்கும் ஆர்டரிலும், ஆய்வுக்கு வருபவருக்குக் கொடுக்கும் தாளிலும் அதே வாசகம் இருக்கட்டும்: பி.இ. 100, பி.என். 10, ஐ.எஸ். 4984.